பச்சைமலையா, கொல்லிமலையா: நாற்பது பிள்ளைகளின் மலையேற்றத்துக்குத் தலைக்கு எவ்வளவு ஆகும்?

டெல்டா பள்ளிகளுக்கு மலை என்றாலே நெடும்பயணம். பாபநாசத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை தினமும் ஏறி இறங்குகிற உயரம் குடமுருட்டிக் கரை மட்டும்தான். அதனால் மலையேற்றச் செலவில் பெரும்பங்கு மலையில் ஆவதில்லை, மலைக்குப் போய்ச் சேர்வதிலேயே ஆகிவிடுகிறது. கணக்குப் போட உட்காருகிறவர்கள் முதலில் வனத்துறைக் கட்டணத்தைத்தான் விசாரிக்கிறார்கள். தலைக்கணக்கில் அது சிறிய தொகை. பெரிய தொகை வண்டி. அந்த வண்டிச் செலவை எத்தனை பேரால் வகுக்கிறோம் என்பதில்தான் ஒவ்வொரு பிள்ளையும் கட்டவேண்டிய பணம் ஏறுவதும் இறங்குவதும்.

பாபநாசம் பக்கத்துப் பள்ளி ஒன்று, நாற்பது பிள்ளைகளை அழைத்துப்போக நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு வழிகள் உண்டு. துறையூர், சோபனபுரம் வழியாகப் பச்சைமலையின் டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போய் அன்றைக்கே திரும்பலாம். அல்லது நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்குப் போய் ஓர் இரவு தங்கி வரலாம். கொடைக்கானல் இந்தத் தொகைக்குள் அடங்காது. அங்கே வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், இரண்டு இரவாவது தங்க வேண்டும். எனவே அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கீழே வரும் விலைகள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட எடுத்துக்கொண்டவை. வண்டி வாடகையையும் வழிகாட்டிச் சம்பளத்தையும் உங்கள் ஊரில் கேட்டு அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வகுக்கும் முறை மாறாது.

ஏன் நாற்பது?

பத்துப் பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி, ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான அளவு. நாற்பது பிள்ளைக்கு நான்கு வழிகாட்டிகள், நான்கு ஆசிரியர்கள், சமையலுக்கும் சாமானுக்கும் ஓர் ஆள். மொத்தம் 49 பேர். 25 இருக்கை கொண்ட மினி பஸ் இரண்டில் 50 பேர் உட்காரலாம். ஓர் இருக்கை மிச்சம்.

இப்போது நாற்பத்தொன்றாவது பிள்ளை பெயர் கொடுக்கிறது. ஐந்தாவது வழிகாட்டியும் ஐந்தாவது ஆசிரியரும் வேண்டும். அவர்களையும் சேர்த்தால் 52 பேர் ஆகிவிடும், இருக்கை போதாது. ஒரு பிள்ளைக்காக மூன்றாவது வண்டி பிடிக்க முடியாது. "நெருக்கி உட்காரலாம் சார்" என்று ஓட்டுநரே சொல்வார். மலைப்பாதையில் அதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. வளைவில் நிற்கிற பிள்ளை விழும், சோதனையில் வண்டியும் மாட்டும். வழிகாட்டிச் செலவும் வண்டிச் செலவும் தலைக்குத் தலை ஏறுவதில்லை, படிப்படியாகத் தாவுகின்றன. அதனால் படி எங்கே தாவுகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய எண்ணில் பெயர்ப் பட்டியலை நிறுத்த வேண்டும். மேலும் இருபது பேர் ஆசைப்பட்டால் அவர்களை வேறொரு நாள் அழைத்துப்போவதுதான் மலிவு.

வண்டி

பாபநாசத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டி ஏறக்குறைய 165 கிலோமீட்டர், போக வர 330. மினி பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்றால் 9,900. ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்கு 12,000 ஆகும். இரண்டு வண்டிக்கு 24,000, பிள்ளைக்கு 600.

பெரிய பஸ் ஒன்று பிடித்தால் குறையாதா என்று நிர்வாகக் கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் கேட்பார். கிலோமீட்டருக்கு 52 ரூபாய் வைத்து, பேட்டா, டோலையும் சேர்த்தால் 20,000 வரும். பிள்ளைக்கு 100 ரூபாய் மிச்சமாகும்போலத் தெரியும். ஆனால் நீளமான சுற்றுலா பஸ்ஸை மலையில் ஏற்ற உரிமையாளர்கள் பலர் சம்மதிப்பதில்லை. பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி வளைவில் தரையையோ தடுப்பையோ தட்டும். சிலர் பேசும்போது தலையாட்டிவிட்டு அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து மேலே போக உள்ளூர் வேன் பிடித்தால் மிச்சப்பட்ட 4,000 அதிலேயே போய்விடும். நாற்பது பேரையும் ஏற்றி முடிக்க இரண்டு மணி நேரம் வீணாகும். அந்த நேரத்தில் சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றலாம் என்ற யோசனையும் வரும். அதை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. ஊர்ப் பெயரைச் சொல்லி, "டாப் செங்காட்டுப்பட்டி வரை ஏறும்" என்று வாடகைச் சீட்டில் எழுதி வாங்கினால் இந்தச் சிக்கல் வராது.

கொல்லிமலைக்கு நாமக்கல் வழியாக ஒரு பக்கம் ஏறக்குறைய 220 கிலோமீட்டர். காரவள்ளி வழியாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதைக்கு மினி பஸ்தான் சரி. மேலே சுற்றுவதையும் சேர்த்து 500 கிலோமீட்டர் வைக்க வேண்டும். இரண்டு நாள் வாடகைக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்று உரிமையாளர்கள் கணக்கிடுவார்கள். நீங்கள் குறைவாக ஓட்டினாலும் அதற்கான பணத்தைக் கட்டியாக வேண்டும். 250 என்பது குறைந்தபட்சமானால் 500 சரியாக வந்துவிடுகிறது. 300 என்று சொல்கிற வண்டியில் ஓடாத 100 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கொடுப்பீர்கள். கிலோமீட்டர் வாடகையைப் பேசுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் பேட்டாவோடு வண்டிக்கு 18,000, இரண்டுக்கும் 36,000, பிள்ளைக்கு 900.

அனுமதியும் வழிகாட்டியும்

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கி இறந்த பிறகு, மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் நடப்பதென்றால் மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி தேவை. பச்சைமலைக்கு எந்த அலுவலகம், கொல்லிமலைக்கு எது என்பது நடக்கப்போகிற பாதை எந்த வனக்கோட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் பாதையின் பெயரையே எழுத வேண்டும், "பச்சைமலை" என்று மொட்டையாக எழுதக் கூடாது. கல்வித் துறை அனுமதி தனி. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் கடிதம் வருவதற்கு முன்னால் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் பள்ளிகள் உண்டு.

அனுமதி, நுழைவு இரண்டுக்கும் தலைக்கு 100 ரூபாய் என்று வைத்தால், ஆசிரியர்களையும் உதவியாளையும் சேர்த்து 45 பேருக்கு 4,500. கொல்லிமலையில் அருவிக்கான நுழைவுச் சீட்டுக்குத் தலைக்கு 20 கூட்டினால் 5,400. பெரியவர்களின் செலவையும் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள். நாற்பதால் வகுக்கும்போது பிள்ளைக்கு 100 என்பது 112 ரூபாய் 50 காசாகிவிடும். சாப்பாட்டிலும் இதே கதைதான்.

வழிகாட்டிச் சம்பளம் நாள் கணக்கு. பாதி நாள்தான் நடந்தோம் என்று பாதிச் சம்பளம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற மலைவாசிகள் அவர்கள். நாளுக்கு 800 வைத்தால் நால்வருக்கு 3,200, கொல்லிமலையில் இரண்டு நாளுக்கு 6,400. பிள்ளைக்கு 80, 160. இந்த இடத்தில் ஆளைக் குறைத்து மிச்சம் பிடிப்பதுதான் பட்ஜெட்டில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நாற்பது பேர் ஒற்றையடிப் பாதையில் நடந்தால் வரிசை இருநூறு மீட்டர் நீளும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் மட்டும் இருந்தால் நடுவில் பாதை பிரிகிற இடத்தில் கவனிக்க ஆளிருக்காது. பிள்ளைகள் தவறிப்போவது அங்கேதான்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் www.trektamilnadu.com தளம் வழியாகப் பாதையைப் பதிவு செய்யலாம். டெல்டாவிலிருந்து போவதற்கு ஏற்காடு பக்கத்து நாகலூர் – சன்னியாசிமலைப் பாதையைப் பார்க்கலாம். அனுமதியும் வழிகாட்டியும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும், அலுவலகங்களுக்கு அலைய வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும். தொகை கூடுதலானாலும் வழிகாட்டிச் செலவு இங்கே தலைக்கணக்காக மாறிவிடுகிறது. நாற்பத்தொன்றாவது பிள்ளைக்குத் தனி ஆள் பிடிக்கிற வேலை நமக்கில்லை. ஒரே நாளில் நாற்பது இடம் கிடைப்பதுதான் சிரமம். அது கிடைத்த பிறகே வண்டி பேச வேண்டும்.

சாப்பாடு

ஒரு நாள் பயணத்தில் காலை இட்லி 35, மதியம் கட்டுச்சோறு 55, வழியில் கொறிக்கக் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் 20, மாலை டீயும் பலகாரமும் 20, திரும்பும்போது திருச்சியில் இரவுச் சாப்பாடு 90. தலைக்கு 220. பிள்ளைகள், ஆசிரியர்கள், உதவியாள், ஓட்டுநர்கள் என 47 பேருக்கு 10,340. வழிகாட்டிகளுக்கு மதியச் சோறும் கொறிப்பதும் சேர்த்து 300. ஆக 10,640, பிள்ளைக்கு 266. கொல்லிமலையில் இரண்டு நாளைக்கும் இது சரியாக இரட்டிப்பாகும்.

வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி வாங்கிவிட்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும் என்று நெல் விளையும் ஊரில் தோன்றுவது இயல்புதான். ஒரு வேளைக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி வேண்டும், அதன் விலை பத்து ரூபாய்க்குள். மீதி நாற்பத்தைந்தும் புளி, நல்லெண்ணெய், கடலை, காஸ், பாத்திர வாடகை, சமையல் கூலி. அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பித் தொகையைக் குறைக்காதீர்கள்.

அதிகாலையில் கட்டிய சோறு மதியம் ஒன்றரை மணிவரை கெடாமல் இருக்க வேண்டும். புளியோதரை தாங்கும். தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து, உறைக்கு மட்டும் தயிர் விட்டால் சாப்பிடும் நேரத்தில் பக்குவமாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி போதும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில், அதாவது 49 பேருக்கு ஏறக்குறைய நூறு லிட்டர். இருபது லிட்டர் கேன் ஐந்து, வண்டியில் இருப்பாக இன்னும் இரண்டு.

கொல்லிமலைக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. எழுபது வளைவுக்கு முன்னால் வயிறு நிறைய இட்லி கொடுத்தால் முப்பதாவது வளைவிலேயே வாந்தி தொடங்கும். ஒரு பிள்ளை எடுத்தால் அடுத்தடுத்து நான்கு பிள்ளைகள் எடுப்பார்கள். அடிவாரத்தில் பிஸ்கட்டும் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்து, மேலே போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு என்று வைத்தால் சாப்பாடும் வீணாகாது, நேரமும் வீணாகாது.

வாடகைச் சாமான், தங்கல்

ஒரு நாள் நடைக்கு வாடகைச் சாமான் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. மருந்துப் பெட்டி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஆளுக்கொரு விசில், ஒரு கயிறு. 1,600 போதும். ஷூவை வாடகைக்கு எடுக்க நினைக்காதீர்கள். பிள்ளைகளின் அளவில் நாற்பது ஜோடி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பழகாத ஷூ கொப்புளம் போடும். பள்ளிக் கேன்வாஸ் ஷூவின் அடிப்பகுதி தேயாமல் இருந்தால் இந்த இரண்டு பாதைக்கும் போதும். இரண்டு வாரம் முன்பே அதைப் போட்டு ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்க விட்டால், யாருடைய ஷூ கடிக்கிறது என்பது ஊரிலேயே தெரிந்துவிடும்.

கொல்லிமலையில் கூடாரமா, பொது அறையா என்று முடிவு செய்ய வேண்டும். மூவர் கூடாரம் என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் பதினான்கு, பெரியவர்களுக்குத் தனி. அதற்கு மேல் ஆளுக்கொரு உறக்கப்பை, விரிப்பு. இவற்றுக்கெல்லாம் வாடகையோடு வைப்புத்தொகையும் கேட்பார்கள். ஒரு ஜிப் கிழிந்தால் அதில் பிடித்துக்கொள்வார்கள். மழை வந்தால் நடு இரவில் நாற்பது பேரையும் எழுப்பி மாற்ற இடம் தேட வேண்டும். தலைக்கு 200 ரூபாயில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பொது அறை கிடைத்தால் ஓட்டுநர்களோடு 47 பேருக்கு 9,400. போர்வை வாடகை தலைக்கு 60 வைத்து 45 பேருக்கு 2,700. பள்ளிக் குழுவுக்கு இதுவே சரி. ஓட்டுநர்களுக்கும் படுக்கை கொடுங்கள். முந்தின இரவு இருக்கையில் சுருண்டு படுத்தவர்தான் மறுநாள் எழுபது வளைவு இறங்கப்போகிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

| செலவு | பச்சைமலை, ஒரு நாள் | கொல்லிமலை, ஓர் இரவு |
|---|---|---|
| வண்டி | 24,000 | 36,000 |
| அனுமதி, நுழைவு | 4,500 | 5,400 |
| வழிகாட்டிகள் | 3,200 | 6,400 |
| சாப்பாடு | 10,640 | 21,280 |
| தங்கல் | – | 9,400 |
| சாமான், மருந்து | 1,600 | 4,300 |
| கையிருப்பு | 4,060 | 7,220 |
| மொத்தம் | 48,000 | 90,000 |
| பிள்ளைக்கு | 1,200 | 2,250 |

1,050 ரூபாய் வித்தியாசத்தில் 300 வண்டிக்கு, 266 சாப்பாட்டுக்கு, 235 தங்கலுக்கு. வழிகாட்டிக்கும் அனுமதிக்கும் சேர்த்து நூறு ரூபாய் சொச்சம்தான்.

ஆனால் பச்சைமலைக்கு அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்பதுக்குத்தான் போய்ச் சேரலாம். நான்கு மணிக்காவது திரும்பினால்தான் இரவு ஒன்பதரைக்குள் ஊர் வரலாம். சாப்பாடு, ஓய்வு போகப் பிள்ளைகள் நடப்பது நான்கு மணி நேரம். கொல்லிமலையில் முதல் நாள் பிற்பகலும் மறுநாள் காலையுமாக ஏழரை மணி நேரம் நடக்கலாம். நடக்கும் மணிக்கு என்று பார்த்தால் இரண்டும் 300 ரூபாய். கொல்லிமலை விலை கூடியது என்று சொல்வதைவிட, அதை ஒரே தடவையில் கட்ட வேண்டியிருக்கிறது என்பதே சரி.

உடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். நம் பிள்ளைகள் அறிந்த பெரிய ஏற்றம் சுவாமிமலையின் அறுபது படி. இறங்கும்போது துள்ளிக்கொண்டு போவார்கள். ஏற்றம் கடைசியில் வருவதால், களைத்த பிறகுதான் அதன் கடுமை தெரியும். காலை ஏழரைக்கு இறங்கத் தொடங்கி வெயில் ஏறுமுன் மேலே வந்துவிடுகிற மாதிரித் திட்டமிட்டால்தான் இது பள்ளிக் குழுவுக்கு ஏற்றது. தண்ணீர் வரத்து அதிகமாகிப் பாதையை மூடிவிட்டால் வழிகாட்டியிடம் வேறு பாதையைப் பேசி வைத்திருக்க வேண்டும்.

முதல் தடவை போகிற பள்ளி பச்சைமலைக்குப் போகட்டும். அங்கே போய்வந்த பிள்ளைகளை அடுத்த ஆண்டு கொல்லிமலைக்கு அழைத்துப்போகலாம். முதல் பயணத்திலேயே இரவுத் தங்கல், எழுபது வளைவு, ஆயிரம் படி மூன்றையும் சேர்த்து வைப்பது ஆசிரியர்களுக்கே அதிகம்.

முன்பணம் எவ்வளவு வாங்குவது?

கணக்கு உடைகிற இடம் இதுதான். பச்சைமலைக்கு 40 பேர் பெயர் கொடுத்து, கடைசி நாளில் ஆறு பேர் வரவில்லை என்று வையுங்கள். வரவு 7,200 குறைகிறது. செலவில் குறைவது அவர்களின் அனுமதியும் சாப்பாடும் மட்டும், தலைக்கு 320, ஆறு பேருக்கு 1,920. மீதி 5,280 துண்டு விழும். கையிருப்பு 4,060 முழுவதும் போய், மேலும் 1,220 யாராவது கைப்பணம் போட வேண்டும்.

இதைத் தடுக்க, யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவை மட்டும் தனியே கூட்டுங்கள். வண்டி, வழிகாட்டி, மருந்துச் சாமான் மூன்றும் 28,800. நாற்பதால் வகுத்தால் 720. திருப்பித் தராத முன்பணம் இதற்குக் கீழே போகக் கூடாது, 750 என்று வையுங்கள். கொல்லிமலைக்கு அறை வாடகையையும் சேர்த்து 53,400, தலைக்கு 1,335. முன்பணம் 1,350. இருநூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு வண்டி பேசுகிற பள்ளிக்குத்தான் கடைசி நாளில் துண்டு விழுகிறது.

கட்ட முடியாத மூன்று பிள்ளைகளை இலவசமாக அழைத்துப்போவதென்றால் 48,000-ஐ 37-ஆல் வகுத்து மற்றவர்களிடம் 1,300 வாங்கலாம். அல்லது அந்த 3,600-ஐப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேட்கலாம். கையிருப்பிலிருந்து எடுக்கக் கூடாது. அது வழியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தனி வண்டி வைத்துத் துறையூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய பணம்.

தேதியையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து வீடுகளில் பணம் புழங்குவது தை, மாசியில். ஆனால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்று மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை மூன்று நான்கு சனிக்கிழமைகள்தான் மிஞ்சும். அதனால் முன்பணத்தைக் கார்த்திகையில் கேட்காமல், குறுவை நெல் விற்ற கையோடு ஐப்பசித் தொடக்கத்தில் 750-ஐ வாங்கிவிட்டு, மீதி 450-ஐப் பொங்கல் முடிந்து வாங்குகிற மாதிரிப் பெற்றோருக்கான சுற்றறிக்கையில் இரண்டு தேதிகளாகவே அச்சடித்துவிடுங்கள்.